நவம்பர் கணிப்பு ஏன் இவ்வளவு அகலம்? மேனேஜருக்கு எழுத ஒரு சின்ன மின்னஞ்சல்

கேள்வி: மதுரையில் சில கிளைகள் உள்ள ஒரு இனிப்புக் கடையின் அலுவலகத்தில் ஜூனியர் அனலிஸ்டாக இருக்கிறேன். 2022 முதல் 2025 வரையிலான மாத விற்பனையை வைத்து, ஒவ்வொரு மாதத்துக்கும் நான்கு வருடச் சராசரி எடுத்து, 2026 நவம்பருக்கு 18.5 டன் என்று கணித்தேன். 95% வரம்பு 11 முதல் 26 டன் வரை வருகிறது. "இதை வைத்து நான் எவ்வளவு நெய்க்கு ஆர்டர் போட?" என்று மேனேஜர் கேட்கிறார். ஏன் இவ்வளவு அகலம் என்று சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லியிருக்கிறார். "தரவில் மாறுபாடு அதிகம்" என்பதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. விற்பனைத் தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்: அந்த ஒரு வரியை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். "ஏன் அகலம்?" என்று கேட்டவருக்கு "அகலமாக இருப்பதால்" என்று பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும். மாறுபாடு எந்த மாதத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான் எழுத விஷயம் கிடைக்கும். உங்கள் தாளில் அது ஒளிந்துகொண்டும் இல்லை.

முதலில் ஜூன் மாதத்தைப் பார்த்தேன். நான்கு வருடமும் 12, 13, 13, 14 டன். இதற்கு யார் வேண்டுமானாலும் மனக்கணக்கிலேயே 13 என்று சொல்லிவிடலாம். ஆனால் உங்கள் கணக்கு ஜூனுக்கு 5 முதல் 21 டன் வரை என்கிறது. நவம்பருக்குக் கொடுத்த அதே சுமார் 8 டன் முன்னும் பின்னும் ஜூனுக்கும் வந்திருக்கிறது. சாதுவான ஒரு மாதத்துக்கு இவ்வளவு பெரிய வரம்பு வந்தால், வேறு ஏதோ மாதத்தின் பிழை எல்லா மாதங்களின் தலையிலும் சமமாக ஏற்றப்படுகிறது என்று பொருள். நீங்கள் பயன்படுத்திய முறை 48 மாதங்களின் பிழைகளையும் ஒரே பானையில் போட்டு ஒரே திட்ட விலக்கம் எடுக்கிறது. அது 3.5 டன் அளவில் வந்திருக்கிறது.

அந்தப் பானைக்குள் இருப்பது எது? உண்மை விற்பனையிலிருந்து அந்தந்த மாதச் சராசரியைக் கழித்து, வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிப் பாருங்கள். முதலில் நிற்பது 2023 நவம்பர், அடுத்தது 2023 அக்டோபர். 48 மாதங்களின் மொத்த வர்க்கப் பிழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த இரண்டு மாதங்களில் மட்டுமே இருக்கிறது. நான்கு அக்டோபர், நான்கு நவம்பர் எல்லாவற்றையும் சேர்த்தால் 85 சதவீதத்தைத் தாண்டுகிறது. மற்ற 40 மாதங்கள் சராசரியிலிருந்து பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை டன்னுக்கு மேல் நகரவில்லை.

இப்போது அந்த நவம்பர்களை மட்டும் வரிசையாக வையுங்கள்: 14, 31, 15, 14. அக்டோபர்கள்: 29, 15, 30, 30. பக்கத்தில் தீபாவளித் தேதிகளை எழுதுங்கள். 2022-இல் அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. அவ்வளவுதான், கதை முடிந்தது. தீபாவளி எப்போதும் ஐப்பசியில்தான் வருகிறது. ஆனால் ஐப்பசியே பாதி அக்டோபரிலும் பாதி நவம்பரிலும் கிடக்கிறது. உங்கள் தாள் ஆங்கில மாதத்தில் இருப்பதால், பண்டிகை வேலி தாண்டும்போதெல்லாம் 15 டன்னுக்கு மேல் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் குதிக்கிறது. பொங்கல் இந்தத் தொல்லையைத் தராது, அது ஜனவரியை விட்டு நகர்வதில்லை.

இதில் இன்னொரு விஷயம் உங்கள் மேனேஜரைவிட உங்களுக்கே முக்கியம். 18.5 டன் விற்ற நவம்பர் ஒன்றுகூட உங்கள் தரவில் இல்லை. நவம்பரில் 14, 15 டன் விற்கும், இல்லாவிட்டால் 31 டன் விற்கும். இரண்டுக்கும் நடுவில், எப்போதுமே நடக்காத ஒரு எண்ணைச் சராசரி சொல்லியிருக்கிறது. அது போக, இவ்வளவு அகலமான வரம்புகூட 26-இல் நின்றுவிடுகிறது, 2023-இல் நிஜமாகவே விற்ற 31 டன்னை அது தொடவில்லை. ஆக, அகலம் மட்டும் இங்கே குற்றவாளி இல்லை, வரம்பு நிற்கிற இடமே தப்பு.

மேனேஜருக்கு இதைப் புரியவைக்கத் திட்ட விலக்கம் எதுவும் தேவையில்லை. அக்டோபரையும் நவம்பரையும் கூட்டிக் காட்டுங்கள்: 43, 46, 45, 44. குதிரை மாதிரித் தாவிக்கொண்டிருந்த எண்கள் கூட்டியதும் அடங்கிவிட்டன. இந்த நான்கு எண்களையும் பார்க்கிற எந்தக் கொள்முதல்காரரும் அரை நிமிடத்தில் புரிந்துகொள்வார். உங்கள் மின்னஞ்சலின் முதுகெலும்பு இதுதான்.

சரி, திருத்திய கணக்கு. 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இனிப்பு, காரம் பண்டிகைக்கு முந்தைய பத்து நாளில்தான் கொட்டும். அந்தப் பத்து நாளில் மூன்று அக்டோபரிலும் ஏழு நவம்பரிலும் விழுகின்றன. ஆனால் பத்து நாளும் ஒரே எடை கிடையாது. நீங்கள் அனுப்பிய 2023 நாள்வாரி பில்லிங்கைப் பார்த்தால், கடைசி ஏழு நாளில்தான் பத்து நாள் விற்பனையில் 85% நடந்திருக்கிறது. அதனால் பண்டிகைப் பங்காக அக்டோபருக்கு 0.15, நவம்பருக்கு 0.85 என்று ஒரு புதிய நெடுவரிசை சேர்த்தேன். பழைய வருடங்களில் தீபாவளி எந்த மாதமோ அதற்கு 1, மற்றதற்கு 0. தீபாவளிக்கு மட்டும் கூடுதலாக விற்பது சுமார் 15.7 டன் என்று வருகிறது. பண்டிகை இல்லாத நவம்பர் 14.6 டன், அதனுடன் 15.7-இல் 85% சேர்ந்தால் சுமார் 28 டன். அக்டோபருக்கு 17 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு.

திட்ட விலக்கம் 3.5-இலிருந்து 1.3 டன்னுக்கு இறங்கிவிட்டது. கணக்குப்படி நவம்பர் வரம்பு 28-க்கு முன்னும் பின்னும் 3.3 டன். நானாக இருந்தால் 4 என்றே சொல்வேன். 85% என்பது ஒரே ஒரு வருடத்து பில்லிலிருந்து எடுத்தது, நவம்பர் தீபாவளியும் உங்கள் தரவில் ஒன்றே ஒன்றுதான். அந்த வாரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கடைத்தெரு என்ன ஆகும் என்பதும் எந்த நெடுவரிசையிலும் இல்லை.

மின்னஞ்சலை இப்படி எழுதலாம்:

> பொருள்: நவம்பர் கணிப்பு – 18.5 டன்னை வைத்து ஆர்டர் போட வேண்டாம்
>
> வணக்கம் சார்,
>
> வரம்பு அகலமாக வந்ததற்குக் காரணம் தீபாவளித் தேதி. 2023-இல் அது நவம்பரில் வந்தது, மற்ற மூன்று வருடமும் அக்டோபரில். என் கணக்கில் தேதியைச் சேர்க்காததால், 14 டன் நவம்பரும் 31 டன் நவம்பரும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அக்டோபரையும் நவம்பரையும் கூட்டினால் நான்கு வருடமும் 43 முதல் 46 டன்னுக்குள்தான் இருக்கிறது.
>
> இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8. தேதியைச் சேர்த்துத் திருத்தியதில் அக்டோபர் சுமார் 17 டன், நவம்பர் சுமார் 28 டன் (24 முதல் 32). முன்பு அக்டோபருக்கு 26 டன் என்று கொடுத்திருந்தேன், அதையும் மாற்றிக்கொள்ள வேண்டுகிறேன்.
>
> நவம்பர் தீபாவளி நம் தரவில் ஒன்றுதான் இருப்பதால் வரம்பை இதற்கு மேல் குறைக்க முடியவில்லை. 28 டன்னுக்கு நெய், முந்திரி ஏற்பாடு செய்துவிட்டு, மேலே உள்ள 4 டன்னை அக்டோபர் 31 பில்லிங்கைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று நினைக்கிறேன்.

அக்டோபருக்கான 26 டன்னைத் திருத்தும் வரியை வெட்டிவிட வேண்டாம். சொந்தத் தப்பை நாமே எழுதுவது சங்கடம்தான். ஆனால் அந்த எண்ணை நம்பி அக்டோபரில் 9 டன் அதிகமாகச் சரக்கு போட்டால், நவம்பர் கணிப்பு எவ்வளவு சரியாக இருந்தும் பால் இனிப்பைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

வரம்பைச் சுருக்க யாராவது இரண்டு குறுக்கு வழி சொல்லிக் கொடுப்பார்கள். 95%-ஐ 80% ஆக்குவது ஒன்று. அப்படிச் செய்தால் 13.5 முதல் 23.5 டன் என்று பார்க்க லட்சணமாக வரும். தகவல் ஒன்றும் கூடவில்லை, தப்பாகப் போவதற்கான வாய்ப்பைக் கூட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். இரண்டாவது வழி இதைவிட மோசம்: 2023 அக்டோபரையும் நவம்பரையும் "விதிவிலக்கு" என்று சொல்லி நீக்கிவிடுவது. நீக்கிப் பார்த்தேன். நவம்பருக்கு 14.3 டன், வரம்பு மூன்றே டன் முன்னும் பின்னும், மிக அழகாக இருக்கிறது. நவம்பர் முதல் வாரத்தில் கடையில் பாதிச் சரக்குதான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு துணிக்கடைக்காக நான் இதே வேலையைச் செய்திருக்கிறேன், அந்த வருடத் தீபாவளிக்கு யாரும் எனக்குப் பலகாரம் கொடுக்கவில்லை.

எல்லா அகல வரம்புக்கும் பண்டிகைதான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னோக்கிப் போகப் போக வரம்பு விரிந்துகொண்டே போனால், கணிப்பு எட்டிப் பார்க்கும் தூரம்தான் காரணம், அதற்கு மாதாமாதம் புதுப்பிப்பதே வழி. உங்கள் தாளில் அது இல்லை: எல்லா மாதத்துக்கும் ஒரே அகலம், பிழை முழுக்க இரண்டு மாதத்தில்.

அனுப்புவதற்கு முன் கிளை மேலாளர் ஒருவரிடம் 2023 நவம்பர் முதல் வாரத்தில் மொத்த ஆர்டர் எதுவும் வந்ததா என்று கேட்டுவிடுங்கள். 31 டன்னில் ஏதாவது நிறுவனத்தின் போனஸ் டப்பாக்கள் இரண்டு டன் இருந்தால், 28 என்ற எண் கொஞ்சம் கீழே வரும்.