மிச்ச லீவுக்குக் காசு: 26ஆ, 30ஆ, 31ஆ?

"மார்ச் 31ஓடு வேலையை விடுகிறேன். சம்பளம் 62,000. வருடாந்த லீவு 6 நாள் மிச்சம். ஒரு நாள் காசை எதால் பிரிப்பது?"

நீங்கள் கடையிலோ ஆபீஸிலோ இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அங்கே மாதச் சம்பளத்தை 30ஆல் பிரிப்பதுதான் வழக்கம். நாளுக்கு 2,066.67, ஆறு நாளைக்கு 12,400 ரூபா. மார்ச்சில் 31 நாள் என்று சொல்லி 31ஆல் பிரித்தால் 12,000தான் வரும். அதே லீவோடு பெப்ரவரியில் விலகுகிறவருக்கு 28ஆல் பிரித்து 13,285 போகும். உழைத்துச் சேர்த்த லீவு ஒன்றுதான், விலகும் மாதத்தைப் பார்த்து விலை மாறலாமா?

ஹட்டனில் ஒரு மொத்த வியாபார ஆபீஸிலிருந்து நான் விலகியபோது எனக்கும் 31ஆல்தான் போட்டார்கள். கேட்டால், "அது சிஸ்டம் போடுறது தம்பி" என்றார் கணக்காளர். பழைய சம்பளச் சிட்டைகளை எடுத்துப் பார்த்தேன். நோ பே வெட்டிய மாதங்களில் எல்லாம் 26ஆல் பிரித்திருந்தார்கள். உங்கள் சம்பளத்தில் வைத்துப் பாருங்கள்: ஒரு நாள் வராவிட்டால் 2,384 வெட்டு, ஒரு நாள் லீவுக்குக் கொடுப்பது 2,000. இரண்டு சிட்டைகளையும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெட்டிய கணக்கிலேயே தரச் சொல்லிக் கடிதமும் கொடுத்தேன். திருத்தித் தந்தார்கள்.

சில நூறு ரூபாவுக்குச் சண்டையா என்று யாராவது கேட்பார்கள். மலையில் தேயிலைத் தோட்டத்தில் அம்மாவுக்குக் கொழுந்து ஒரு கிலோ குறைந்தாலும் அரைநாள் சம்பளம்தான் என்று அரைப்பேர் போட்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். குறைக்கும்போது மட்டும் கிராம் கணக்குப் பார்க்கிறவர்களிடம் நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

26 எங்கே இருந்து வருகிறது என்றால், 30 நாளில் நாலு ஞாயிறு போனால் மிச்சம் 26. சனியும் திங்களும் லீவு எடுத்தபோது இடையில் வந்த ஞாயிறையும் லீவுக் கார்டில் கழித்தார்களா என்று பாருங்கள். கழிக்கவில்லை என்றால் உங்கள் ஆறு நாளும் வேலை நாள்கள். அப்போது 26ஆல் பிரித்து 14,307 கேட்க நியாயம் இருக்கிறது. ஞாயிறையும் சேர்த்துக் கழிக்கிற இடம் என்றால் 30தான் பொருந்தும். நியமனக் கடிதத்தில் எண் எழுதியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். 62,000இல் எவ்வளவு அடிப்படைச் சம்பளம், எவ்வளவு அலவன்ஸ் என்பதும் அங்கேயே தெரியும். அலவன்ஸை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிற இடங்கள் உண்டு.

கேஷுவல் லீவு மிச்சத்தை இதோடு சேர்க்க வேண்டாம், அதற்குப் பொதுவாகக் காசு தருவதில்லை. கடைசிச் சம்பளத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள், பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். தராவிட்டால் அந்தப் பிரதி, லீவுக் கார்டு, நோ பே வெட்டிய ஒரு சிட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு போடலாம்.