சொன்ன சம்பளத்தை நடுவில் கூட்டிக் கேட்கலாமா?

"கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் 6 வருடமாக லேப் வேலை. சம்பளம் வருடத்துக்கு 4.8 லட்சம். புதுச்சேரி கம்பெனி ஒன்றில் சீனியர் கெமிஸ்ட் வேலை இருக்கிறது என்று கன்சல்டன்சியிலிருந்து ஒரு மேடம் கூப்பிட்டார். 6 லட்சம் எதிர்பார்க்கிறேன் என்றேன். இரண்டாவது இன்டர்வியூவில்தான் தெரிந்தது: 8 பேரை மேய்க்க வேண்டும், ஆடிட் என் பொறுப்பு, இரவில் போன் வந்தாலும் ஓட வேண்டும். இப்போது கூட்டிக் கேட்டால் பேச்சு மாறுகிறான் என்பார்களா?"

நீங்கள் 6 லட்சம் சொன்னது ஒரு கெமிஸ்ட் வேலைக்கு. இப்போது பேசுவது லேப் இன்சார்ஜ் வேலை. அந்த வேலைக்கு நீங்கள் இன்னும் விலையே சொல்லவில்லை. பேச்சை இங்கிருந்து தொடங்குங்கள். மன்னிப்புக் கேட்டுத் தொடங்க வேண்டாம்.

யாரிடம், எப்போது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அந்த மேடம் உங்கள் பயோடேட்டாவோடு 6 லட்சம் என்ற எண்ணையும் கம்பெனிக்கு அனுப்பியிருப்பார். எச்.ஆர். அதை வைத்துத்தான் மேலிடத்தில் ஒப்புதல் வாங்குவார். ஒப்புதல் வந்த பிறகு மாற்றினால் ஃபைல் மறுபடி முதலிலிருந்து போகும், அப்போதுதான் கோபம் வரும். அதனால் இன்டர்வியூ முடிந்த அன்றோ மறுநாளோ, முதலில் அந்த மேடத்திடமே போனில் சொல்லிவிடுங்கள். அவரைத் தாண்டி நேராகக் கம்பெனியில் கேட்டால் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிட்டதாக ஆகும். கன்சல்டன்சி கமிஷன் பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று இருக்கும். ஆகவே நீங்கள் கூடுதலாகக் கேட்பதில் அவருக்கு நஷ்டம் இல்லை. கடைசி நேரத்தில் நீங்கள் கைநழுவிப் போவதுதான் அவருடைய பயம்.

எவ்வளவு கேட்பது? 6 லட்சத்தின் மேல் இத்தனை சதவீதம் என்று ஏற்றாதீர்கள். உங்கள் இப்போதைய கம்பெனியில் இதே பொறுப்பைப் பார்ப்பவர் என்ன வாங்குகிறார் என்று பாருங்கள். சிப்காட்டிலேயே வேறு கம்பெனியில் லேப் இன்சார்ஜாக இருக்கும் பழைய நண்பர் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். அவர்கள் 7 லட்சத்திலிருந்து 8 லட்சத்துக்குள் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 7.5 லட்சம் நியாயமான எண். "ஏழு, ஏழரை" என்று இழுக்க வேண்டாம், எச்.ஆர். காதில் ஏழு மட்டும்தான் விழும்.

போனில் இவ்வளவு போதும்: "மேடம், நேற்று இன்டர்வியூ நல்லபடியாகப் போனது, எனக்கு வேலை பிடித்திருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன விவரத்தில் 8 பேர் டீம், ஆடிட், இரவு அழைப்பு இதெல்லாம் இல்லை. 6 லட்சம் நான் கெமிஸ்ட் வேலைக்குச் சொன்னது. இந்தப் பொறுப்புக்கு 7.5 லட்சம் எதிர்பார்க்கிறேன். அடுத்த ரவுண்டுக்கு முன்னாலேயே அவர்களிடம் சொல்லிவிடுகிறீர்களா?" சொல்லிவிட்டு அவர் பேசும்வரை காத்திருங்கள். வீட்டு வாடகை, பிள்ளைகள் ஸ்கூல் பீஸ், கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரும் செலவு இதையெல்லாம் காரணமாகச் சொன்னால் பேச்சு வேலையை விட்டு உங்கள் குடும்பத்துக்குப் போய்விடும். போனை வைத்ததும் அதே விஷயத்தை நாலு வரியில் மெயிலாக அனுப்புங்கள். அவர் அதை அப்படியே கம்பெனிக்கு அனுப்ப முடியும், நீங்கள் எப்போது சொன்னீர்கள் என்பதற்கும் பதிவு இருக்கும்.

பதில் மூன்று மாதிரி வரலாம். சரி என்றால் நல்லது. "பட்ஜெட்டே 6.5தான்" என்றால், அந்தப் பணத்துக்குப் பொறுப்பில் எதைக் குறைப்பார்கள் என்று கேளுங்கள், உதாரணமாக இரவு அழைப்பை இருவர் மாறி மாறிப் பார்ப்பது. "சேருங்கள், 6 மாதத்தில் பார்க்கலாம்" என்றால், எவ்வளவு, எந்த மாதம் என்று ஆஃபர் லெட்டரில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னவர் 6 மாதத்தில் அங்கே இல்லாமலே போகலாம்.

இதைவிட நான் அதிகம் பயப்படுவது 7.5 லட்சத்தைத் தாளில் மட்டும் காட்டுவதற்குத்தான். அதில் 75,000 இன்சென்டிவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,800 வீதம் கம்பெனி கட்டும் பி.எஃப். 21,600. அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால் கிராஜுவிட்டிக்கு ஏறக்குறைய 17,300. இவை போக, உங்கள் பங்கு பி.எஃப்.பும் பிடித்தால் மாதம் கைக்கு வருவது சுமார் 51,000தான், 62,500 இல்லை. அதனால் இன்சென்டிவ் இல்லாமல் 7.5 என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

ஆஃபர் லெட்டர் வந்ததும் பதவிப் பெயரைப் பாருங்கள். வேலை லேப் இன்சார்ஜாக இருந்து, லெட்டரில் சீனியர் கெமிஸ்ட் என்றே இருந்தால், திருத்தி வாங்கிய பிறகுதான் இங்கே ராஜினாமா கொடுக்க வேண்டும்.