அவதாரத்துக்கு என்ன குறை?

ஐயா, வணக்கம். பெருமாள் எங்கள் குடியாத்தத்தில் ஒரு லுங்கி நெசவாளிக்கு மகனாகப் பிறப்பதாகக் கதை எழுதினேன். படித்த தோழி, "கடவுள்தானே, எப்படியும் ஜெயிச்சிடுவார், அப்புறம் எதுக்குப் பயந்து படிக்கணும்?" என்கிறாள். ராமன் கதைக்கு மட்டும் ஏன் அப்படித் தோன்றவில்லை?
ஒரு வாசகி

வணக்கம்மா.

ராவணன் வரம் கேட்ட இடத்துக்குப் போங்கள். தேவர், அசுரர், அரக்கர், நாகர் என்று வரிசையாகச் சொல்லி இவர்களால் எனக்குச் சாவு வரக்கூடாது என்கிறான், மனிதரைச் சேர்க்கவில்லை, அவனுக்கு அவர்கள் வெறும் புல். அதனால் அவனைக் கொல்ல வருகிறவர் மனித வேஷம் போட்டால் போதாது, மனிதனாகவே இருந்தாக வேண்டும். "நான் நாராயணன்" என்ற நினைப்போடு ராமன் வில்லெடுத்தால் அது தேவன் கொன்ற கணக்காகிவிடாதா? அவன் தன்னை மறந்திருப்பதைக் கதையே கேட்கிறது என்றுதான் நான் படிக்கிறேன். சீதையைக் காணாமல் மரத்திடமும் ஆற்றிடமும் கேட்டு அழுகிறானே, அது நடிப்பில்லை, அவனுக்கு நிஜமாகவே தெரியாது. வால்மீகியில் ராவணன் செத்த பிறகுதான் தேவர்கள் வந்து நீ யார் என்று சொல்கிறார்கள். அப்போதும் அவன், நான் தசரதன் மகன் ராமன், என்னை மனிதனாகத்தான் நினைக்கிறேன் என்கிறான்.

சரி, கண்ணனுக்கு எல்லாம் தெரியுமே என்பீர்கள். தெரியும், ஆனால் கை கட்டியிருக்கிறது. போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தேர் ஓட்டுகிறான். பீஷ்மர் பாண்டவர் படையை அழிக்கும்போது பொறுக்க முடியாமல் குதித்து ஓடுகிறான், அர்ஜுனன் பின்னாலேயே ஓடிக் காலைப் பிடித்து நிறுத்துகிறான். வாக்கு உடையப்போகிறதே என்று நமக்குப் பதறுவது அந்த இடத்தில்தான்.

நம் வட ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் கர்ண மோட்சம் கூத்து பார்த்திருப்பீர்கள். அம்பு பட்டு விழுந்தும் கர்ணன் சாகவில்லை, செய்த தர்மம் காக்கிறது. கண்ணன் கிழ பிராமணனாக வந்து அந்தப் புண்ணியத்தைத் தானம் கேட்கிறான். நான் ஆரணி பக்கம் ஒரு ஊரில் பார்த்தபோது விடியப்போகிற நேரம், கர்ணன் கட்டியவர் நெஞ்சில் கை வைத்து, ரத்தத்தால் தாரை வார்ப்பதாக அந்தக் கையை நீட்டினார். ஏந்தி நின்ற கிழவரின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, வயசான வேஷத்துக்காக நடுக்கியதா, தாங்க முடியாமல் நடுங்கியதா, எனக்கு இன்னமும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அங்கே கடவுள்தான் ஜெயித்தார், கேட்டு வாங்கித்தான் ஜெயிக்க முடிந்தது.

உங்கள் கதையில் பையனுக்குத் தான் யார் என்று தெரியும், கையும் கட்டவில்லை. தறிக்காரரிடம் அடி வாங்கும்போதும் சிரிக்கிறான். உங்கள் தோழிக்குப் பயம் போனது அந்தச் சிரிப்பில்தான். ஒன்று, அவனுக்குத் தெரியாமல் வையுங்கள், அப்போது அடி நிஜமாக வலிக்கும். இல்லையென்றால், தெரிந்தும் செய்ய முடியாதபடி அப்பாவுக்கு ஏதாவது வாக்குக் கொடுக்கட்டும். பாவு அறுந்து கிடக்கிற அந்த ராத்திரியிலிருந்து திரும்ப எழுதிப் பாருங்கள், மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கிறது.