பத்துக்கு ஏழு என்று எண்ணுவதற்கு முன்

ஐயா, நீங்கள் அனுப்பிய ‘ஜூனியர் அக்கவுண்டன்ட்’ விளம்பரம் கேட்கும் பத்துத் தகுதிகளில் ஏழு உங்கள் மகளிடம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணிக்கையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, விளம்பரம் கேட்பது ஒரு வேலையையா, இரண்டு வேலைகளையா என்று முதலில் பார்ப்போம்.

மேல்பகுதியில் பி.காம். பட்டம், 0–1 ஆண்டு அனுபவம், மாதம் 16,000 ரூபாய் சம்பளம் என்று இருக்கிறது. இது புதியவருக்கான இடம். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு செய்வது, வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயாரிப்பது ஆகியவையும் அதற்குப் பொருந்துகின்றன. ஆனால் அடுத்த வரிகளில் ஜி.எஸ்.டி. தாக்கலுக்கும், பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரியான டி.டி.எஸ். தாக்கலுக்கும் ‘முழுப் பொறுப்பு’, ஆண்டிறுதிக் கணக்கை முடித்துத் தருதல், இருவரை மேற்பார்வையிடுதல் என்று வருகிறது. இவை சில ஆண்டுகள் கணக்குப் பிரிவில் பழகியவர் செய்யும் வேலைகள். உங்கள் மகளிடம் இல்லாத மூன்றும் இவைதாம் என்பதால், எல்லா வரிக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்தால் வேலையின் பாரமே கணக்கில் வராமல் போய்விடும்.

இத்தகைய விளம்பரங்களில் நான் வினைச்சொற்களை அடிக்கோடிட்டுப் படிக்கச் சொல்வேன். கொள்முதல் பதிவேட்டை, விற்றவர்களின் தாக்கலிலிருந்து ஜி.எஸ்.டி. தளம் தானாகத் தயாரிக்கும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையுடன் ஒப்பிட்டுத் தாக்கலுக்கு ‘உதவுதல்’ என்றால் புதியவர் ஓரிரு மாதங்களில் கற்றுக்கொள்வார். ‘பொறுப்பேற்றல்’ என்றால், பிடித்த டி.டி.எஸ். தொகையை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டத் தவறி, மாதத்துக்கு 1.5 சதவீதம் வட்டி விழும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

இந்த முரண்பாடு எப்போதும் ஏமாற்று வேலையாக இருக்க வேண்டியதில்லை. பழைய விளம்பரத்தின் வரிகளை அப்படியே ஒட்டியிருக்கலாம். தாக்கலை வெளியிலுள்ள ஆடிட்டர் பார்த்துக்கொள்ளும் சிறு நிறுவனமாக இருந்து, ‘பொறுப்பு’ என்பது ஆவணங்களைத் திரட்டி அனுப்புவதை மட்டும் குறிக்கலாம். விலகிப்போன சீனியரின் இடத்தைப் பாதிச் சம்பளத்தில் நிரப்பப் பார்ப்பதாகவும் இருக்கலாம். எனக்குக் கவலை தருவது இது ஒன்றுதான்.

எது என்று அறிய, விண்ணப்பிக்கும்போதோ முதல் தொலைபேசி உரையாடலிலோ இரண்டு கேள்விகள் போதும். இந்த வேலையை இதுவரை பார்த்தவர் யார், அவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம்? தாக்கலுக்கு முன் என் வேலையைச் சரிபார்ப்பவர் யார்? “நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்” என்ற பதில் வந்தால் மேல்பகுதியை மறந்துவிட்டு, சீனியர் வேலைக்கான தகுதிகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். அப்போது பொருத்தம் மிகக் குறைவு. சரிபார்க்கும் ஒருவர் பெயரும் பதவியுமாகச் சொல்லப்பட்டால், அந்த மூன்று வரிகளையும் பயிற்சியில் கற்க வேண்டியவை என்று நீக்கிவிட்டு மீதி ஏழை வைத்து மதிப்பிடுங்கள். அந்த மதிப்பீட்டில் உங்கள் மகள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். ஆனால் பணிநியமனக் கடிதத்தின் கடமைப் பட்டியலில் ‘முழுப் பொறுப்பு’ என்ற சொல் மீண்டும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.