வரியை மறைத்து எழுதுதல்: இயந்திரக் கற்றலின் கணிதம் பற்றிய கேள்வி பதில்

கல்முனை மாணவி: சேர், லொஜிஸ்டிக் றிக்ரெஷனின் பெறுதி காணொளியில் பார்க்கும்போது விளங்குகிறது, ஒரு வாரம் கழித்து எழுதப் போனால் இரண்டாம் வரியிலேயே நின்றுவிடுகிறேன்.

காணொளி பார்ப்பவருக்கு அடுத்த வரி சரியா என்று தெரிந்தால் போதும். எழுதுபவரோ அந்த வரியைத் தானே தேடிப் பிடிக்க வேண்டும். ஆகவே, செய்து காட்டிய தீர்வைக் கொப்பியில் ஒருமுறை முழுமையாக எழுதிவிட்டு, கடைசி வரியை மட்டும் மறைத்து நீங்களே எழுதுங்கள். அடுத்து கடைசி இரண்டு வரிகளை மறையுங்கள். இப்படியே முதல் வரிவரை செல்லுங்கள். கீழே y என்பது 0 அல்லது 1 ஆக வரும் உண்மை விடை, a என்பது விடை 1 ஆக இருக்கும் என்று மாதிரி கணிக்கும் நிகழ்தகவு, z என்பது அந்த நிகழ்தகவாக மாற்றப்படும் எண், L என்பது கணிப்பின் பிழையை அளக்கும் இழப்பு.

```
L = -[y ln a + (1-y) ln(1-a)],  a = 1/(1+e^(-z))
dL/da = (a-y)/(a(1-a))
da/dz = a(1-a)
dL/dz = a - y
```

பலர் வழுக்குவது, நீங்கள் நிற்கும் அந்த இரண்டாம் வரியில்தான். ln(1-a) ஐ வகையிடும்போது உள்ளே இருக்கும் கழித்தல் குறியைச் சங்கிலி விதிப்படி வெளியே எடுக்க மறந்துவிடுகிறார்கள்.

ஏறாவூர் வாசகர்: ஒரே இரவில் இருபது தடவை எழுதினால் பதியாதா? உயர்தரத்தில் இணைந்த கணிதத்தை அப்படித்தான் படித்துத் தேறினேன்.

கைவேகம் கூடும், அது உண்மை. ஆனால் இருபதாம் தடவை எழுதும்போது பத்தொன்பதாவது கண்ணிலேயே நிற்பதால், நினைவிலிருந்து தேடி எடுக்கும் வேலை நடப்பதில்லை. இன்று, நாளை மறுநாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். நின்றுபோனால் இடைவெளியைக் குறையுங்கள். எல்லோருக்கும் பொருந்தும் நாட்கணக்கு என்னிடம் இல்லை. உங்களைத் தேற்றியது அந்த இரவு அல்ல, பல அலகுகளும் கலந்து வரும் கடந்தகால வினாத்தாள்களாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அக்கரைப்பற்று வாசகி: சத்தமாகப் பாடமாக்கினால் வீட்டில் சிரிக்கிறார்கள். வேலை முடிந்து வந்து ஒப்புவிக்கத்தான் வேண்டுமா?

ஒப்புவிக்க வேண்டாம். ஒரு வரியிலிருந்து மற்றதற்குப் போகும்போது எந்த விதியால் போகிறோம் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொன்னால் போதும். கல்லடி வீட்டுத் திண்ணையில் தங்கைக்கு இதே பெறுதியை விளக்கிக்கொண்டிருந்தபோது, "மடக்கை எதற்கு?" என்று அவள் கேட்டாள், பல தடவை எழுதியிருந்தும் எனக்குப் பதில் வரவில்லை. தரவுகள் ஒன்றையொன்று சாராதபோது அவற்றின் நிகழ்தகவுகள் பெருக்கமாக வரும், மடக்கை அதனைக் கூட்டலாக்குகிறது என்பதை அன்றுதான் ஒழுங்காகச் சொல்லப் பழகினேன்.

சம்மாந்துறை ஆசிரியர்: எண்களை இட்டுச் சரிபார்ப்பதே சுலபம். z = 0, y = 1 இட்டேன்; -0.5 வந்தது. என் பெறுதி சரிதானே?

முறை நல்லது. z = 0.01 இல் L = 0.68816, z = -0.01 இல் 0.69816, வித்தியாசத்தை 0.02 ஆல் வகுத்தால் -0.5 தான். ஆனால் மேலே சொன்ன கழித்தல் குறியைத் தவறவிட்டவருக்கும் dL/dz = 2ay - a - y என்று வந்து, y = 1 இல் அதே -0.5 கிடைத்துவிடும், ஏனெனில் பிழையுள்ள உறுப்பு அங்கே பூச்சியமாகிறது. y = 0 இட்டுப் பாருங்கள்: சரியான விடை 0.5, பிழையானது -0.5.