அரை டிக்கெட்டும் மொதலையும்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் வேலூரில் என் நண்பனுக்குக் கல்யாணம். நான்தான் மாப்பிள்ளைத் தோழன். சர்ச் முடிந்து மாலை வரவேற்பில் டோஸ்ட் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து அவனுக்கு ‘அரை டிக்கெட்’ என்று பெயர். எட்டாம் வகுப்பிலும் குடியாத்தம் பஸ்ஸில் அரை டிக்கெட்டில் வந்து கண்டக்டரிடம் மாட்டிக்கொண்டவன். இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அவன் முகம் சுருங்கிவிடுமோ என்றுதான் பயம். எப்படிச் சொல்வது?

ஒரு வாசகன், காட்பாடி

அன்புள்ள தம்பி,

அன்றைக்கு அந்த அரை டிக்கெட்டைக் கேட்டு வாங்கியது யார்? அவனா, அவன் அம்மாவா? முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கையில் காசு போதாமல் அம்மா வயதைக் குறைத்துச் சொல்லியிருந்தால், அந்த அம்மா வரவேற்பில் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். சம்பந்தி வீட்டார் பக்கத்திலேயே இருப்பார்கள். நீங்கள் பையனைக் கிண்டல் செய்வதாக நினைப்பீர்கள், அடி அம்மாவுக்கு விழும். மிச்சக் காசில் அவனே மிட்டாய் வாங்கித் தின்றான் என்றால் கதை வேறு, தாராளமாகச் சொல்லலாம்.

நானும் ஒரு தடவை தோழனாக நின்றிருக்கிறேன். மாப்பிள்ளைக்குப் பட்டப்பெயர் ‘மொதலை’. மூன்றாம் வகுப்பில் எங்களைக் கோட்டைக்கு வரிசையாக நடத்திக் கூட்டிப்போனார்கள். அகழியில் அந்தக் காலத்தில் முதலைகள் விட்டிருந்தார்கள் என்று டீச்சர் சொல்லி முடித்தார். வேலூர்ப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதைதான். தண்ணீரில் ஒரு பனந்துண்டு மிதந்து வந்தது. இவன் “மொதலை!” என்று கத்திக்கொண்டு ஓடினான். பின்னாலேயே வகுப்பு மொத்தமும் ஓடியது. அதில் இன்னும் ஒரு விஷயம் நடந்தது. டோஸ்டில் அதைச் சொல்லவில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன். அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது.

பெயர் பிறந்த கதை அவ்வளவுதான். சொல்ல ஒரு நிமிஷம் போதும். நிறைய தோழர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் வெறும் கேலியாகப் போய்விடுகிறது. பள்ளியில் எத்தனையோ பட்டப்பெயர்கள் வந்தன, ஒரு வாரத்தில் மறந்தும் போயின. இந்த ஒன்று மட்டும் இருபது வருஷம் ஏன் நின்றது? நான் உட்கார்ந்து யோசித்தது அதைத்தான்.

முதல் காரணம் சாதாரணமானது. வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர். மொதலை என்றால் யாருக்கும் குழப்பமில்லை. இரண்டாவது காரணம் அவன் ஆயா. அவன் வீட்டுக்குப் போன் செய்து “மொதலை இருக்கானா?” என்று கேட்டு நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆயா பதறவே இல்லை. “மொதலை குளிக்குது, அப்புறம் பேசு” என்றார். அன்றிலிருந்து வீட்டிலும் அதே பெயர். அவன் கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஆயா போய்விட்டார். புது ஊர், பழைய பெயர் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை, விட்டுத் தொலைத்திருக்கலாம். ஹாஸ்டலில் பெயர் கேட்டவர்களிடம் அவனே “மொதலைன்னு கூப்பிடுங்க” என்றான். நான் பேசியதில் பாதிக்கு மேல் இந்த இடம்தான்.

நான் முதலில் எழுதியது வாய்விட்டுப் படித்தபோது ஏழு நிமிஷம் வந்தது. பிரியாணி அண்டாவின் தம் உடைத்தாயிற்று, வாசனை கூடத்துக்குள் வந்துவிட்டது என்றால் நான்கு நிமிஷத்துக்கு மேல் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். எங்கள் கிரிக்கெட் கதைகளையும் டீச்சர் போலக் குரல் மாற்றிப் பேசுவதையும் வெட்டினேன். ஆயா பகுதியில் கை வைக்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அவனிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன். பனந்துண்டுக்குச் சிரித்தான். ஆயா வந்ததும் சும்மா இருந்தான், பிறகு “இதை எடுத்துடாதே” என்றான். நீங்களும் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். ஏதாவது ஒரு வரியில் சிரிப்பு அரை நொடி தாமதமாக வந்தால், “பரவாயில்லை” என்று அவன் சொன்னாலும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். மணப்பெண்ணுக்கும் அந்தப் பெயர் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மேடையில் முதல் தடவையாகக் கேட்கும்படி விடாதீர்கள்.

பிறகு உங்கள் நண்பனிடமே கேளுங்கள்: “ஏன்டா, இந்தப் பேரை நீ ஏன் மறுக்கவே இல்லை?” அவன் சொல்லும் பதில்தான் உங்கள் டோஸ்ட். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால், அந்தப் பெயரை விட்டுவிட்டு வேறு கதை எடுங்கள்.

கடைசியில் திராட்சை ரசக் கோப்பையை உயர்த்தும்போது மட்டும் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லுங்கள், மணப்பெண் பெயரோடு சேர்த்து. நான் அப்படித்தான் சொன்னேன். பின் வரிசையில் இருந்த எங்கள் வகுப்புப் பையன்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, “மொதலை!” என்றார்கள்.