பிளீச்சை மணந்து பார்த்து அளக்காதே தம்பி

"அண்ணா, ரொறன்ரோ வந்து மூன்று கிழமை. கோப்பை கழுவும் வேலைக்கு உணவு கையாளுபவர் சான்றிதழ் கேட்கிறார்கள். சோதனையில் வரும் மூன்று தொட்டிக் கணக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. குளிருக்கு எந்த ஜாக்கெட் நல்லது?"

ஜாக்கெட்டை கடையில் போட்டுப் பார்த்து வாங்கு தம்பி. தொட்டிக்கு வருவோம்.

முதலில், அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துப் படிக்காதே. கழுவிய கோப்பையில் கிருமி கொல்ல, அங்கே பிளீச்சில் உள்ள குளோரினுக்கு 50 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் 50 பங்கு, அந்தத் தண்ணீரில் 7 விநாடி என்பார்கள். ஒன்ராறியோவில் 100 பிபிஎம், 45 விநாடி, தண்ணீர் 24 பாகைக்குக் குறையக் கூடாது. பிளீச்சுக்குப் பதில் குவாட் என்கிற அமோனியம் மருந்து என்றால் 200, அயடீன் என்றால் 25. நேரம் அதே 45 விநாடிதான். மருந்தே இல்லாமல் சுடுதண்ணீரில் செய்வதென்றால் 77 பாகை. இருபது வருடம் இங்கே இருக்கிற நம்மவர்களே இதைக் குழப்பிவிட்டு, புதிதாக வருபவனுக்குப் பாடம் எடுப்பார்கள்.

மிச்சச் சோற்றை வழித்துக் கொட்டிவிட்டு, முதல் தொட்டியில் சோப்பு, இரண்டாவதில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் மருந்து. பிறகு வடிதட்டில் கவிழ்த்துக் காற்றில் உலர விட வேண்டும். துணியால் துடைப்பது என்று விடையில் இருந்தால் அது பிழை. துடைத்தால் துணியில் உள்ள கிருமி திரும்ப ஏறிவிடும்.

வீட்டு பிளீச் 5.25 சதவீதம் என்றால் ஒரு லீற்றருக்கு 2 மில்லிலீற்றர் விட்டால் ஏறக்குறைய 100 வரும். தொட்டியில் 20 லீற்றர் இருந்தால் 40 மில்லி. போத்தலில் சதவீதம் வேறாக இருந்தால் கணக்கும் மாறும். கலந்தபின் சோதனைத் தாளை நனைத்து, பெட்டியிலுள்ள நிறத்தோடு ஒப்பிட்டுப் பார். மூக்கை நம்பாதே.

நான் நம்பினேன். வந்த முதல் குளிர்காலம், வெள்ளி இரவு, கோப்பைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. நேரம் மிச்சம் பிடிக்க நடுத்தொட்டியை விட்டுவிட்டு, சோப்பு நுரையோடு நேரே மூன்றாவதில் அமுக்கினேன். மருந்துத் தண்ணீர் கலங்கியிருந்தது, ஆனால் பிளீச் வாசம் வந்தது. போதும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சுகாதாரப் பரிசோதகர் உள்ளே வந்து தாளை நனைத்தார். அது வெள்ளையாகவே இருந்தது. எண்ணெயும் சோற்றுக் கசடும் குளோரினைத் தின்று தீர்த்திருந்தன.

முதலாளி எங்கள் ஊர்க்காரர்தான். சோதனைத் தாள் பெட்டியை ஒரு நாளும் வாங்கி வைத்ததில்லை. ஆனால் அந்தக் கிழமைச் சம்பளத்தில் கழித்தது என்னிடம். "வெள்ளைக்காரனின் வீண் சட்டம்" என்று புறுபுறுத்தார். அடுத்த கிழமை ஒரு டப்பா தாளை என் காசில் வாங்கினேன். கையுறையும் சேர்த்துத்தான். அதுவரை வெறுங்கையால் பிளீச் அளைந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. இரவு பஸ்ஸில் அம்மாவுக்குக் கடிதம் எழுத பேனையைப் பிடித்தால் எரியும்.

சோதனையில் 70 சதவீதம் எடுத்தால் போதும், சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். நான் இதுவரை ஐந்து தடவை புதுப்பித்துவிட்டேன்.